நிரந்தர வேலையை விடலாமா என்று பழைய மேலதிகாரிக்குக் கடிதம்: இந்த வரைவு சரியா?

மழைக்காகிதம் | மார்ச் 3, காலை 9:10

ஒன்பது வருடமாக ஒரே இடத்தில் நிரந்தர வேலை. பதினோரு பேர் இருக்கும் ஒரு ஸ்டார்ட்அப்பில் கூப்பிடுகிறார்கள். சம்பளம் குறையும், 1% பங்கு உண்டு. மார்ச் 24க்குள் பதில் சொல்ல வேண்டும். என் முதல் வேலையில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவரிடம் எழுதிக் கேட்கப் போகிறேன். இப்போது ஓய்வில் இருக்கிறார். பேசி நாலு வருடம் ஆகிறது. வரைவு மூன்று பக்கத்துக்குப் போய்விட்டது. கடைசிப் பத்தி மட்டும் கீழே:

"சார், கம்பெனி நிலைக்குமா என்று தெரியவில்லை. 1% என்பது நல்ல பங்கா? சம்பளம் குறைந்தால் வீடு தாங்குமா? இந்த வயதில் இது தேவையா? தோற்றால் பழைய துறைக்கே திரும்ப முடியுமா? அவசரப்படுகிறேனா? நான் போகலாமா, வேண்டாமா? நீங்கள் என்ன சொன்னாலும் அதுதான் என் முடிவு."

எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம்?

விடுமுறைமனசு | மார்ச் 3, காலை 9:42

ராஜினாமா கடிதத்துல இவ்வளவு கேள்வி கேட்கக் கூடாதுங்க. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்", கடைசி நாள் தேதி, நன்றி. மூணு வரி போதும்.

மழைக்காகிதம் | மார்ச் 3, காலை 9:50

ராஜினாமா இல்லைங்க. ஆலோசனை கேட்டு எழுதும் கடிதம்.

விடுமுறைமனசு | மார்ச் 3, காலை 9:51

ஓ. அப்ப மூணு வரி பத்தாது.

கணக்குநோட்டு | மார்ச் 3, காலை 11:05

சாருக்கு எழுதறதுக்கு முன்னாடி கணக்கைப் போடுங்க, கடிதமே தேவைப்படாது. கம்பெனி மதிப்பு என்னன்னு கேளுங்க. அதுல நூத்துல ஒரு பங்கு உங்களுது. அதை நாலு வருஷத்துல வகுத்துச் சம்பளத்தோட கூட்டுங்க. பழைய சம்பளத்தைத் தாண்டினா போங்க, தாண்டலைன்னா இருங்க.

பழுப்புஉறை | மார்ச் 3, இரவு 8:20

கணக்குநோட்டு சொல்லும் கூட்டலில் பெரிய ஓட்டை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கடிதம்.

அந்தக் கடைசிப் பத்தியில் இருக்கும் கேள்விகள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பேர் எழுதிப் பாருங்கள். கம்பெனி நிலைக்குமா? அந்தக் கம்பெனியை நடத்துகிறவர் சொல்ல வேண்டியது. 1% நல்ல பங்கா? அதுவும் அவரிடம் வாங்க வேண்டிய விவரம்தான். வீடு தாங்குமா? உங்கள் வீட்டுச் செலவுக் கணக்கு. துறைக்குத் திரும்ப முடியுமா? இன்று அந்தத் துறையில் ஆள் எடுக்கிற இரண்டு பேரிடம் கேட்டால் அரைமணி நேரத்தில் தெரியும். ஓய்வு பெற்றவரால் இதில் ஊகம்தான் செய்ய முடியும். இப்படி நாலு கேள்வி போய்விட்டது. "இந்த வயதில் தேவையா" என்பது கேள்வியே இல்லை, புலம்பல். "போகலாமா வேண்டாமா" என்பதற்கு நேர்மையான மனிதர் யாரும் பதில் எழுத மாட்டார்.

மிஞ்சுவது ஒன்று: அவசரப்படுகிறேனா? அது மட்டும்தான் அவரால் பதில் சொல்ல முடிகிற பக்கம் சாய்ந்திருக்கிறது. அவருக்குக் கம்பெனியைத் தெரியாது, உங்களைத் தெரியும். நெருக்கடியில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று பார்த்தவர் அவர்.

கடைசி வரியை எடுத்தே ஆக வேண்டும். "நீங்கள் சொன்னால் அதுதான் முடிவு" என்பது மரியாதை மாதிரித் தெரியும். வாங்குகிறவருக்கு அது சுமை. "போ" என்று சொல்லி நீங்கள் தோற்றால் பழி அவர் தலையில். அதனால் "நன்றாக யோசித்துச் செய்" என்று ஒரு வழவழா பதில் வரும். உண்மையான அபிப்பிராயம் வேண்டுமென்றால் முடிவு உங்களுடையது என்று எழுதிக் கொடுங்கள்.

மழைக்காகிதம் | மார்ச் 4, காலை 7:15

மற்ற நாலையும் நானே விசாரித்துவிட்டால் சாரிடம் என்ன மிச்சம்? வெறும் குசலம் விசாரிப்பது போல ஆகிவிடாதா?

பழுப்புஉறை | மார்ச் 4, காலை 7:40

இல்லை. விசாரித்த விடைகள்தான் கடிதத்தின் நடுப்பத்தி. அதை வைத்துத்தான் அவர் உங்களை எடைபோடுவார். விவரம் இல்லாமல் கேட்டால் அவர் சொந்த வாழ்க்கையிலிருந்து பதில் வரும். ஒரே இடத்தில் முப்பது வருடம் இருந்தவர் "இரு" என்பார், துணிந்து போய் ஜெயித்தவர் "போ" என்பார். இரண்டும் உங்களைப் பற்றிய பேச்சே இல்லை.

நீங்கள் செய்யப் போவதை ஒரு பெரிய மனிதர் செய்திருக்கிறார். ஜோசப் பிரீஸ்ட்லி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதகுருவாக இருந்தார். ஷெல்பர்ன் பிரபு தன்னிடம் வந்து இருக்கச் சொல்லி அழைத்தார். போகலாமா என்று தன்னைவிட 27 வயது மூத்த பெஞ்சமின் ஃப்ராங்க்ளினுக்கு எழுதிக் கேட்டார். 1772 செப்டம்பர் 19 தேதியிட்ட பதில் இன்றும் இருக்கிறது. போதிய விவரம் கையில் இல்லாததால் என்ன முடிவு எடுப்பது என்று சொல்ல முடியாது, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்கிறார். ஃப்ராங்க்ளினுக்கே விவரம் போதவில்லை என்றால் உங்கள் சாருக்கு எப்படிப் போதும்?

கணக்குநோட்டு | மார்ச் 4, காலை 10:30

அந்தக் கடிதம் தெரியும். தாளை ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கம் சாதகம், ஒரு பக்கம் பாதகம் எழுதி, எது நீளமோ அதைச் செய்யணும். நான் சொன்ன கணக்கும் அதேதான்.

பழுப்புஉறை | மார்ச் 4, மதியம் 1:05

பாதிதான் சரி. நீளத்தை எண்ணச் சொல்லவில்லை, எடை பார்க்கச் சொன்னார். மூன்று நாலு நாள் யோசித்து, தோன்றுவதையெல்லாம் இரண்டு பக்கமும் குறிக்க வேண்டும். பிறகு சம எடை உள்ளவற்றை எதிரெதிராக அடிக்க வேண்டும். இங்கே ஒன்று அங்கே இரண்டுக்குச் சமமானால் மூன்றையும் அடிக்கலாம். அடித்தது போக எந்தப் பக்கம் மிஞ்சுகிறது என்று பார்த்து, இன்னும் ஓரிரு நாள் பொறுத்துப் புதிதாக ஏதும் தோன்றாவிட்டால் முடிவு. பத்துச் சில்லறைக் காரணங்களை ஒரே ஒரு கனமான காரணம் தூக்கிச் சாப்பிட்டுவிடலாம்.

பிரீஸ்ட்லி போனார். போனதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. ஆண்டுக்கு 250 பவுண்டு சம்பளம். அதோடு, பின்னால் பிரிந்தாலும் வாழ்நாள் முழுக்க ஆண்டுக்கு 150 பவுண்டு என்ற உறுதியையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். 1774இல் அந்த வேலையில் இருந்தபோதுதான் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். 1780இல் பிரபுவும் அவரும் பிரிந்தார்கள், 150 பவுண்டு வந்தது. பிரிவைப் பற்றிய பேச்சைச் சேரும் முன்பே முடித்திருந்தார்கள்.

விடுமுறைமனசு | மார்ச் 4, மதியம் 1:30

அப்ப என் கதைக்கும் வழி சொல்லுங்க. எனக்கும் நிரந்தர வேலைதான். ஒரு வருஷம் சம்பளமில்லா லீவு கேட்டுட்டு வேற இடத்துல போய்ப் பார்த்துட்டு வரலாமான்னு யோசிக்கிறேன். இவரும் அப்படிச் செஞ்சா கடிதமே வேண்டாமே?

பழுப்புஉறை | மார்ச் 4, மதியம் 2:10

பணி விதியைப் படியுங்கள். சம்பளமில்லா விடுப்பில் இருப்பவர் வேறு இடத்தில் சம்பளம் வாங்கக் கூடாது என்று பல இடங்களில் ஒரு ஷரத்து இருக்கும். இல்லையென்றால் நல்ல வழிதான். மழைக்காகிதம், உங்கள் இடத்திலும் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். மறுத்துவிட்டால் அந்த மறுப்பும் கடிதத்தில் ஒரு வரி ஆகும்.

மழைக்காகிதம் | மார்ச் 8, இரவு 9:45

கேட்டேன், அனுமதி இல்லை.

கம்பெனியை நடத்துகிறவரிடமும் பேசினேன். தொகைகளை இங்கே போட வேண்டாம் என்றார். அதனால் என் இப்போதைய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்து எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

புதுச் சம்பளம் 65. வீட்டுச் செலவு 72. சேமிப்பு 430. வீட்டில் வேறு வருமானம் இல்லை. கம்பெனி கையில் 5,400 இருக்கிறது. வருமானம் போக மாதம் 450 கரைகிறது. "ஒரு வருடம் தாங்கும், அதற்குள் அடுத்த முதலீடு வந்துவிடும்" என்றார். பங்கு 1% ஆப்ஷன், நாலு வருடத்தில் சேரும். முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது, அதன் பிறகு மாதா மாதம். என் நோட்டீஸ் காலம் இரண்டு மாதம்.

கணக்குநோட்டு | மார்ச் 8, இரவு 10:20

5,400ஐ 450ஆல வகுத்தா 12. அவர் சொன்னது சரிதானே. 12 மாசம் தாங்கும், 12ஆவது மாசம் உங்களுக்கு முதல் கால்வாசிப் பங்கும் வந்துடும். நல்லாப் பொருந்துது.

பழுப்புஉறை | மார்ச் 9, காலை 6:50

பொருந்தவில்லை. இந்த இடத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

மாதம் 450 என்பது இன்று இருக்கிற பதினோரு பேருக்கான செலவு. உங்களை எடுத்தால் 65 கூடும். ஆள் எடுக்கிற கம்பெனி ஒருவரோடு நிறுத்துவது அபூர்வம். இன்னும் எத்தனை பேர் என்று கேட்டீர்களா? இன்னொருவரை உங்கள் சம்பளத்திலேயே எடுப்பதாக வைத்தால் மாதம் 580. 5,400ஐ 580ஆல் வகுத்தால் ஒன்பதேகால் மாதம். "ஒரு வருடம்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆள் எடுப்பதற்கு முந்தைய கணக்கைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். இது சகஜம்.

பங்குக்கு வாருங்கள். முதல் துளி 12ஆவது மாதத்தில். பணம் அதற்கு முன்பே தீர்கிறது. அடுத்த முதலீடு வராவிட்டால் உங்கள் பங்கு பூஜ்யம், 0.25% கூட இல்லை. கணக்குநோட்டு முதலில் சொன்ன "நாலில் வகுத்துக் கூட்டு" இங்கேதான் உடைகிறது.

முதலீடு வந்தாலும் புதுப் பங்குகள் வெளியிடுவார்கள். புதியவர்களுக்கு 20% போனால் உங்கள் 1% என்பது 0.8% ஆகும். அதில் தப்பில்லை, கம்பெனி வளர்ந்தால் சரியாகிவிடும். ஆனால் கம்பெனியை விற்கும் நாளில் முதலீட்டாளர்களுக்கு முன்னுரிமை இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்கள் போட்டது 6,000, முதலில் அதை எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு, விற்ற விலை 5,000 என்றால் ஊழியர் பங்குக்கு வருவது ஒன்றுமில்லை. "விற்றுவிட்டார்கள்" என்று கொண்டாட்டமாகச் செய்தி வரும், கைக்கு ஒன்றும் வராது.

கணக்குநோட்டு | மார்ச் 9, காலை 8:15

சரி, ஒத்துக்கறேன். ஆனா உங்க ஒன்பதேகாலும் தப்பு. ரெண்டு மாசம் நோட்டீஸ் இருக்கு. இவர் போய்ச் சேர்றதுக்குள்ள கம்பெனி 900 கரைச்சிருக்கும். மிச்சம் 4,500. 580ஆல வகுங்க, சேர்ந்த நாள்லேருந்து ஏழேமுக்கால் மாசம்தான்.

பழுப்புஉறை | மார்ச் 9, காலை 8:40

நல்ல பிடி. ஏழேமுக்கால் என்றே வைத்துக்கொள்வோம்.

வீட்டுப் பக்கத்தையும் அதே தேதிக்குக் கொண்டுபோங்கள். சம்பளம் வரும்வரை மாதம் 7 துண்டு விழும். ஏழேமுக்கால் மாதத்தில் 54 போய் 376 இருக்கும். அன்று சம்பளம் நின்றால் 72ஆல் வகுக்க வேண்டும், ஐந்து மாதத்துக்கு மேல் கொஞ்சம். ஆக, இன்றிலிருந்து எண்ணினால் பதினைந்து மாதம். அதற்குள் வேறு வேலை கிடைத்திருக்க வேண்டும். கடிதத்தில் போக வேண்டியது இந்த ஒரு எண்தான், மற்றவை உங்கள் நோட்டில் இருந்தால் போதும்.

மழைக்காகிதம் | மார்ச் 11, இரவு 10:30

இன்னொருவரையும் எடுப்பது உண்மைதானாம், கேட்டதும் சொன்னார். முன்னுரிமையும் உண்டு. முதல் வருடக் கெடுவை ஆறு மாதமாகக் குறைக்க முடியுமா என்றேன். மற்ற முதலீட்டாளர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

புது வரைவு:

"அன்புள்ள சார்,

உங்களிடம் பேசி நாலு வருடம் ஆகிவிட்டது, இப்போது எழுதுவதும் உதவி கேட்டுத்தான். ஒன்பது வருட நிரந்தர வேலையை விட்டு, பதினோரு பேர் உள்ள ஒரு புதிய கம்பெனிக்குப் போவதா என்று மார்ச் 24க்குள் சொல்ல வேண்டும்.

விசாரித்தவரை நிலவரம் இது. சம்பளம் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறையும். அவர்களுக்குப் புது முதலீடு வராவிட்டால், நான் சேர்ந்து எட்டு மாதத்துக்குள் பணம் தீரும். அப்போது என் பங்குக்கும் மதிப்பு இருக்காது. அதன் பிறகு என் சேமிப்பு ஐந்து மாதம் தாங்கும். திரும்பி வந்தால் இதே துறையில், ஒரு படி கீழே வேலை கிடைக்கும் என்று ஆள் எடுக்கும் இருவர் சொன்னார்கள். வீட்டில் இந்தக் கணக்கைப் பார்த்துச் சம்மதித்திருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்க விரும்புவது ஒன்றுதான். நம் பிராஜெக்ட் பாதியில் நிறுத்தப்பட்ட வருடம் நான் வேலை செய்ததை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள். அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாத அந்த நிலையில் என் வேலையும் முடிவுகளும் எப்படி இருந்தன? அதே மாதிரி எட்டு மாதம் இருந்தால் நான் எங்கே சறுக்குவேன் என்று நினைக்கிறீர்கள்?

முடிவு என்னுடையதுதான். எனக்குப் போகும் எண்ணமே அதிகம் இருக்கிறது. நீங்கள் பார்த்தது அதற்கு எதிராக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். எழுத நேரம் இல்லையென்றால் 18ஆம் தேதிக்குள் பத்து நிமிடம் போனில் சொன்னாலும் போதும். வசதிப்படவில்லை என்றாலும் ஒன்றுமில்லை."

பழுப்புஉறை | மார்ச் 12, காலை 7:05

இது கடிதம். ஒரு பக்கத்துக்குள் இருக்கிறது. "எங்கே சறுக்குவேன்" என்று கேட்டது ரொம்ப நல்லது. "சமாளிப்பேனா" என்று கேட்டிருந்தால் "கண்டிப்பாகச் சமாளிப்பாய்" என்று அன்பாக ஒரு பதில் வரும், அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. கெடு 24 ஆக இருக்க 18 கேட்டதும் சரி. அவர் பதிலில் இருந்து புதுக் கேள்வி முளைத்தால் கம்பெனியிடம் திரும்பிக் கேட்க நாள் வேண்டும்.

இரண்டு விஷயம் விட்டுப் போயிருக்கிறது. உங்கள் சாருக்கு இன்றைய மேலாளரைத் தெரியுமா? தெரிந்தால் "இது இன்னும் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது" என்று முதல் பத்தியிலேயே ஒரு வரி. கடைசியில் எழுதினால், படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் யாரிடமாவது சொல்லிவிட வாய்ப்பு உண்டு, கெட்ட எண்ணத்தில் இல்லை, அக்கறையில். அலுவலக மெயிலில் இருந்து அனுப்பாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, கம்பெனி பெயர் போடாதது நல்லது, அப்படியே இருக்கட்டும். பெயர் பார்த்தால் அவர் அதைத் தேடிப் படித்துவிட்டுக் கம்பெனியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஆரம்பிப்பார். நீங்கள் கேட்டது அது இல்லை.

நூலிழை | மார்ச் 12, மதியம் 12:20

ஆள் எடுக்கும் பக்கத்தில் இருப்பவள் என்ற முறையில் ஒன்று. "எனக்குப் போகும் எண்ணமே அதிகம்" என்ற வரியை எடுங்கள். ஒருவருடைய சாய்வைச் சொன்னபின் கேட்கும் அபிப்பிராயம் அந்தப் பக்கமே சாயும். நேர்முகத் தேர்வில் ஒருவர் மதிப்பெண்ணை இன்னொருவருக்குக் காட்டாமல் வாங்குவது அதற்காகத்தான். சார் தனியாக நினைத்துச் சொல்லட்டும். உங்கள் எண்ணத்தைப் பதில் வந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

பழுப்புஉறை | மார்ச் 12, மதியம் 1:00

நேர்முகத் தேர்வுக்குச் சரி, இங்கே ஒத்து வராது. இவ்வளவு விசாரித்துவிட்டு எழுதுகிறவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று சாருக்குக் கடிதத்தைப் பிரித்ததுமே புரியும். சொல்லாவிட்டால் ஊகித்து, அந்த ஊகத்துக்கு ஏற்றபடி மென்மையாக எழுதுவார். சொல்லிவிட்டால் எதிர்ப்பதற்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

நூலிழை | மார்ச் 12, மதியம் 1:25

எதிர்க்கிற சுபாவம் உள்ளவருக்கு அது சரி. பழைய ஊழியன் ஆசையாகக் கேட்கிறான் என்று விட்டுக்கொடுக்கிறவராக இருந்தால்? அவர் எந்த ரகம் என்று மழைக்காகிதத்துக்குத்தான் தெரியும். முன்பு உங்கள் யோசனைகளை முகத்துக்கு நேரே மறுத்திருக்கிறாரா?

மழைக்காகிதம் | மார்ச் 12, இரவு 9:00

மறுப்பார். ஆனால் எழுத்தில் ஒருநாளும் இல்லை, கூப்பிட்டு உட்கார வைத்துத்தான்.

நூலிழை | மார்ச் 12, இரவு 9:20

அப்படியானால் போனை முதலில் வையுங்கள். "எழுத நேரம் இல்லையென்றால் போன்" என்று இருப்பதைத் திருப்பிப் போடுங்கள்: "பத்து நிமிடம் பேச முடியுமா, எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள்." கடிதம் அவர் முன்கூட்டி யோசிப்பதற்கு. மறுப்பு வருமானால் வாயால்தான் வரும்.

பழுப்புஉறை | மார்ச் 12, இரவு 9:35

இதை நான் யோசிக்கவில்லை. நல்ல மாற்றம். பேசும்போது அவர் ஒரு அபிப்பிராயம் சொன்னதும் வாதாட வேண்டாம். "எதைப் பார்த்து அப்படித் தோன்றியது சார்?" என்று மட்டும் கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைச் சொன்னால் அதற்கு எடை உண்டு. பொதுவாக "காலம் சரியில்லை" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். சாய்வு வரி பற்றி என் கருத்து மாறவில்லை.

நூலிழை | மார்ச் 12, இரவு 9:38

என்னுடையதும்.

கணக்குநோட்டு | மார்ச் 13, காலை 7:30

பதிலே வரலைன்னா?

பழுப்புஉறை | மார்ச் 13, காலை 8:00

நாலு வருடம் கழித்து வரும் கடிதத்துக்குப் பதில் தாமதமாகலாம். ஐந்து நாள் பார்த்துவிட்டு ஒரே ஒரு குறுஞ்செய்தி, அதுவும் "கடிதம் கிடைத்ததா சார்" என்ற அளவில். அதற்கும் பதில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பதில் வராததைச் சம்மதமாகவோ மறுப்பாகவோ படிக்க வேண்டாம். அந்த வருடத்தை உங்களோடு பார்த்த இன்னொரு சக ஊழியர் இருப்பார் இல்லையா, அதே கேள்வியை அவரிடம் கேட்கலாம்.

இன்னொன்று, சார் என்ன சொன்னாலும் சேருவதற்கு முன் ஒரு தேதியை நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் கணக்குப்படி சேர்ந்து நாலரை மாதம். அன்று அடுத்த முதலீட்டுக்கு எழுத்தில் ஒரு ஒப்புதலாவது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அன்றே வெளியே வேலை தேட ஆரம்பிக்க வேண்டும். ஏழாவது மாதத்தில் ஆரம்பித்தால் ஐந்து மாதச் சேமிப்பை மட்டும் நம்பி நிற்பீர்கள். உள்ளே போனபின் அந்தத் தேதியைத் தள்ளிப்போட ஆயிரம் காரணம் தோன்றும், அதனால் வெளியே இருக்கும்போதே எழுத வேண்டும்.

மழைக்காகிதம் | மார்ச் 13, இரவு 10:10

அனுப்பிவிட்டேன், சொந்த மெயிலில் இருந்து. ரகசிய வரி முதல் பத்தியில் சேர்த்தாயிற்று. போன் வரியைத் திருப்பிப் போட்டேன். சாய்வு வரியை அனுப்பும் வரைக்கும் போடுவதும் எடுப்பதுமாக இருந்து கடைசியில் எடுத்துவிட்டேன்.

பழுப்புஉறை | மார்ச் 13, இரவு 10:15

ம்ம்.

விடுமுறைமனசு | மார்ச் 14, காலை 9:00

என் பணி விதியைப் பார்த்தேன். "முன் அனுமதி இன்றி" வேறு வேலை செய்யக் கூடாதுன்னு இருக்கு. அப்ப அனுமதி கேட்டா கிடைக்கும்னு அர்த்தமா?

கணக்குநோட்டு | மார்ச் 14, காலை 9:05

கேட்டா அவங்களுக்குத் தெரிஞ்சுடும்னு அர்த்தம். தனி இழை போடுங்க.

மழைக்காகிதம் | மார்ச் 16, காலை 8:25

சார் ஒரு வரி அனுப்பியிருக்கிறார்: "வியாழன் சாயங்காலம் கூப்பிடு. அந்த பிராஜெக்ட் நின்றபோது நீ எழுதிய கடைசி ரிப்போர்ட் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்." கெடுவை ஆறு மாதமாகக் குறைப்பது பற்றிக் கம்பெனியிடம் இருந்து இன்னும் பதில் இல்லை. அதற்கு முன்பே சாரோடு பேசுவதா, வியாழனைத் தள்ளிப்போடக் கேட்பதா?

நூலிழை | மார்ச் 16, காலை 8:40

பேசுங்கள், தள்ளாதீர்கள். அவர் கேட்டது ரிப்போர்ட்டை, பங்கை இல்லை.